பாசிட்டிவ் என்று வந்த பிறகு

2000 முதல் 2003 வரை திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள 31,343 பெண்களின் கருப்பை வாயை நர்ஸுகள் பரிசோதித்தார்கள். பெரிய கருவி எதுவும் கிடையாது. ஒரு விளக்கு, பஞ்சு, தண்ணீர் கலந்த அசெட்டிக் அமிலம், அவ்வளவுதான். சமையலறை வினிகரில் இருப்பதும் இதே அமிலம்தான். அதைக் கருப்பை வாயில் தொட்டு வைத்து, ஒரு நிமிடம் காத்திருந்து, எங்காவது வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்த்தார்கள். 3,088 பேருக்குத் தெரிந்தது. அவர்களுடைய தாளில் ‘பாசிட்டிவ்’ என்று எழுதப்பட்டது.

பத்தில் ஒருவர். அந்தத் தாளைக் கையில் வாங்கிய ஒவ்வொருவரும் அன்றிரவு என்ன நினைத்திருப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அடுத்த கட்டப் பரிசோதனைகள் முடிந்தபோது தெரிய வந்தது வேறு. 1,874 பேருக்குப் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் இருந்தன. அவற்றிலும் பெரும்பாலானவை லேசான வகை, தானாகவே மறையக்கூடியவை. அதாவது பாசிட்டிவ் என்று சொல்லப்பட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேருக்கு அந்த முந்தைய மாற்றம்கூட இல்லை.

அப்படியானால் அந்தப் பரிசோதனை வீண் என்று நினைத்துவிடக் கூடாது. அம்பிளிக்கை மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, பிரான்ஸின் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மூன்றும் சேர்ந்து நடத்திய இந்த ஆய்வு 2007இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. பரிசோதனை நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிடக் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தவர்கள் 35 சதவீதம் குறைவு. முதல் பரிசோதனையின் வேலை நோயைக் கண்டுபிடிப்பதல்ல, யாரை இன்னும் உற்றுப் பார்க்க வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது. அந்த உற்றுப் பார்த்தலுக்குப் பெயர்தான் கால்போஸ்கோபி.

இப்போது தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்த வினிகர் பரிசோதனை உண்டு. தனியார் மருத்துவமனைக்குப் போனால் பேப் ஸ்மியர் எடுப்பார்கள். சிறிய பிரஷால் செல்களை வழித்து எடுத்து, கண்ணாடித் தட்டில் பூசி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அது. எச்.பி.வி. வைரஸின் மரபுப்பொருள் இருக்கிறதா என்று நேரடியாகப் பார்க்கும் பரிசோதனையும் பரவி வருகிறது. பேப் ரிப்போர்ட்டில் ‘ஆஸ்கஸ்’ என்று இருந்தால் செல்கள் கொஞ்சம் வித்தியாசமாக இருக்கின்றன, ஆனால் என்னவென்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்று பொருள். ‘எல்சில்’ என்றால் லேசான மாற்றம், ‘எச்சில்’ என்றால் கூடுதல் மாற்றம். இந்தச் சொற்களில் எதுவுமே ‘கேன்சர்’ என்பதற்கு மாற்றுப் பெயர் அல்ல.

வெள்ளைத் திட்டு ஏன் வருகிறது? கருப்பை வாயின் வெளிப்பக்கம் தட்டையான செல்கள் பல அடுக்காக அமைந்த தோலால் மூடியிருக்கும். உள்ளே கருப்பைக்குப் போகும் குழாயில் இருப்பது ஒரே அடுக்கு, சளி சுரக்கும் செல்கள். இரண்டும் சந்திக்கும் எல்லை ஒரே இடத்தில் நிற்பதில்லை. பருவமடையும்போதும் கர்ப்பத்தின்போதும் அது வெளியே நகர்கிறது. வெளியே வந்துவிட்ட மெல்லிய செல்கள் மெதுவாகத் தட்டைச் செல்களாக மாறுகின்றன. இப்படி மாறிக்கொண்டே இருக்கும் வளையத்தைத்தான் எச்.பி.வி. வைரஸ் பிடித்துக்கொள்கிறது. வைரஸால் கெட்ட செல்களில் உட்கரு பெரிதாகிப் புரதம் கூடிவிடும். அமிலம் பட்டதும் அந்தப் புரதம் சற்று நேரத்துக்கு உறைந்து, ஒளியை உள்ளே விடாமல் வெள்ளையாகத் தெரியும். சில நிமிடங்களில் அந்த நிறம் மங்கிவிடும். ஆனால் இயல்பாக மாறிக்கொண்டிருக்கும் இளம் செல்களும், புண்ணோ அழற்சியோ ஆறிக்கொண்டிருக்கும் இடமும் இதேபோல வெளுக்கும். திண்டுக்கல்லில் அவ்வளவு பேருக்குப் பாசிட்டிவ் வந்ததற்குக் காரணம் பெருமளவு இதுதான்.

வைரஸ் என்ற சொல் வீட்டுக்குள் வந்ததும் அடுத்த கேள்வி ஒன்று வரும். அதை யாரும் டாக்டரிடம் கேட்பதில்லை, வீட்டில்தான் கேட்கிறார்கள்: ‘இது எங்கிருந்து வந்தது?’ எச்.பி.வி. உடலுறவால் பரவுவது உண்மை. ஆனால் தாம்பத்திய வாழ்க்கைக்குள் வந்த ஆண், பெண் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது அது தொற்றுகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் உடலே அதை விரட்டிவிடும். சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் பல ஆண்டுகள் தங்கியிருக்கும். 40 வயதில் வரும் ரிசல்ட்டை வைத்து அது போன மாதம் வந்ததா, 15 வருடம் முன்பு வந்ததா, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லக்கூடிய பரிசோதனை உலகத்தில் எங்கும் இல்லை. அந்தத் தாளை வைத்துக் கணவனோ மனைவியோ நடத்தும் விசாரணைக்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் கிடையாது.

இனி ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பலருடைய அனுபவத்தைக் கோத்து உருவாக்கிய ஆள் இவர். 38 வயது, தையல் வேலை, இரண்டு பிள்ளைகள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாசிட்டிவ் என்று எழுதி, பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். போகும் நாளை அவர் தேர்ந்தெடுக்கலாம் என்றால், மாதவிலக்கு முடிந்த பிறகு போவது நல்லது. இரத்தம் அதிகமாக இருந்தால் எதுவும் சரியாகத் தெரியாது. முந்தைய ஓரிரு நாள் உடலுறவு வேண்டாம். உள்ளே வைக்கும் மாத்திரை, க்ரீம் எதுவும் வேண்டாம். வயிற்றைக் காயப்போட வேண்டிய அவசியம் இல்லை, சாப்பிட்டுவிட்டே போகலாம். வெறும் வயிறும் பயமும் சேர்ந்தால்தான் மேசையிலிருந்து இறங்கும்போது தலை சுற்றும்.

டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டியவை சில உண்டு. நாள் தள்ளிப் போயிருக்கிறது, கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் முதலில் அதைச் சொல்ல வேண்டும். கர்ப்பத்திலும் கால்போஸ்கோபி செய்யலாம், ஆனால் குழாய்க்குள் சுரண்டி எடுப்பதைச் செய்ய மாட்டார்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், அயோடின் ஒத்துக்கொள்ளாதவர்கள், முன்பு ஊசி போட்டபோது மயங்கி விழுந்தவர்கள் அதையும் சொல்ல வேண்டும். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதிலும், கூட வந்த அக்காவையோ நாத்தனாரையோ பக்கத்தில் நிற்க விடுங்கள் என்று கேட்பதிலும் தவறே இல்லை.

அறைக்குள் போனதும் கண்ணில் படுவது அந்தக் கருவி. உயரமான தண்டில் பொருத்திய பைனாகுலர் மாதிரி இருக்கும். சில இடங்களில் அதற்குப் பதிலாகக் கேமராவும் டிவி திரையும். பலர் பயப்படுவது இது உள்ளே போகப் போகிறது என்றுதான். போகாது. ஏறக்குறைய ஓர் அடி தள்ளி, வெளியிலேயே நின்று, விளக்கடித்துப் பெரிதாக்கிப் பார்க்கும். உள்ளே போவது ஸ்பெகுலம் மட்டும், பேப் ஸ்மியர் எடுக்கும்போது வைப்பதே அது. 1925இல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஹின்செல்மன் என்ற மருத்துவர் இந்தக் கருவியை முதன்முதலில் வடிவமைத்தார். வெறும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் புற்றுக்கட்டியைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். கட்டி வருவதற்கு முன்பே தோலில் நடக்கும் மாற்றங்களை அது காட்டியது.

நம் தையல்கார அம்மா மேசையில் ஏறிப் படுக்கிறார். இடுப்பு மேசையின் விளிம்பு வரை வர வேண்டும், கால்கள் இரண்டும் தாங்கிகளில். பலருக்கு மொத்தப் பரிசோதனையிலும் மிகச் சங்கடமான கணம் இதுதான். மேலே துணி போர்த்தச் சொல்லிக் கேட்கலாம். ஸ்பெகுலம் போகும்போது தொடையை இறுக்கினால் வலிக்கும், வாயைத் திறந்து மெதுவாக மூச்சு விட்டால் தசை தளரும். டாக்டர் முதலில் சளியைத் துடைத்து வெறுமனே பார்க்கிறார். பிறகு அமிலத்தில் நனைத்த பஞ்சை வைத்துக் காத்திருக்கிறார். இலேசாகக் குளிரும், சிலருக்குக் கொஞ்சம் எரியும்.

அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு டாக்டர் பார்ப்பது வெள்ளை நிறத்தை மட்டுமல்ல. எவ்வளவு சீக்கிரம் வெளுத்தது, எவ்வளவு அடர்த்தி, ஓரம் கலைந்திருக்கிறதா, கத்தரித்த மாதிரி தெளிவாக இருக்கிறதா? மங்கலான வெள்ளை, கலைந்த ஓரம் என்றால் பெரும்பாலும் லேசான மாற்றம். சீக்கிரம் வந்து, அடர்த்தியாக, தெளிவான ஓரத்தோடு நெடுநேரம் நிற்கும் வெள்ளை என்றால் கவனம் கூடுகிறது. பிறகு பச்சை ஒளி. அதில் இரத்த நாளங்கள் கறுப்பாகத் தெரியும், புள்ளிகளாகவோ பாவு கல் பதித்த மாதிரிக் கட்டங்களாகவோ இருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியாக அயோடின். ஆரோக்கியமான தட்டைச் செல்களில் மாவுச்சத்து போன்ற கிளைகோஜன் நிறைய உண்டு, அவை அயோடினைக் குடித்து அடர்பழுப்பாகிவிடும். கெட்ட செல்களில் அது குறைவு, அந்த இடம் மட்டும் மஞ்சளாக நின்றுவிடும். வீட்டுக்குப் போனதும் பேடில் பழுப்புக் கறை தெரிந்தால் பதற வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

கருப்பை வாயைக் கடிகார முகப்பாக வைத்துத்தான் டாக்டர்கள் குறித்துக்கொள்வார்கள். இவருக்கு 11 மணியிலிருந்து 1 மணி வரை ஒரு திட்டு, 5 மணியில் சின்னதாக இன்னொன்று. திட்டின் உள் ஓரம் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது, குழாய்க்குள் ஓடி மறையவில்லை. இது முக்கியமான விஷயம், பின்னால் சிகிச்சையே இதைப் பொறுத்துதான் முடிவாகும்.

“ரெண்டு எடத்துல சின்னதா சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்மா” என்கிறார் டாக்டர்.

“கேன்சரா டாக்டரம்மா?”

“பாத்தா அப்படித் தெரியல. ஆனா கண்ணால பாத்துச் சொல்றதை நம்பி மருந்து பண்ண முடியாது. லேப்ல பாத்துதான் சொல்லணும்.”

பயாப்ஸி எடுக்கிறார்கள் என்றாலே கேன்சர் என்று டாக்டர் முடிவு செய்துவிட்டார் என ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. திண்டுக்கல் ஆய்வில் 2,539 பெண்களுக்குப் பயாப்ஸி எடுத்தார்கள். பயாப்ஸி எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இல்லை. அனுபவமுள்ள கண்ணும் லேசான மாற்றத்தையும் கூடுதல் மாற்றத்தையும் அடிக்கடி குழப்பிக்கொள்ளும். அதனால்தான் ஒரே இடத்தில் எடுக்காமல், சந்தேகப்படும் இரண்டு மூன்று இடங்களில் எடுக்கச் சொல்கிறார்கள்.

எடுக்கும் கருவி நீண்ட கைப்பிடியுள்ள இடுக்கி. நுனியில் குழிவான சிறு வாய். அது கடித்து எடுக்கும் துண்டு சில மில்லிமீட்டர், அரை அரிசி அளவு இருந்தால் அதிகம். தெரிந்த டாக்டர்கள் கீழே இருக்கும் இடத்தில்தான் முதலில் எடுப்பார்கள். மேலே முதலில் எடுத்தால் அங்கிருந்து கசியும் இரத்தம் வழிந்து கீழே உள்ள இடத்தை மறைத்துவிடும். ஆகவே முதலில் 5 மணி. “ஒரு தடவை நல்லா இருமுங்க” என்கிறார் டாக்டர். இருமும்போதே எடுத்துவிடுகிறார். இருமல் கவனத்தைத் திருப்புகிறது, பலருக்கு எடுத்ததே தெரிவதில்லை. ஒரு ‘டக்’ சத்தம் மட்டும் கேட்கும். பிறகு 12 மணி.

வலிக்குமா என்ற கேள்விக்கு ‘வலிக்கவே வலிக்காது’ என்று பதில் சொல்வது ஆறுதல்போலத் தோன்றினாலும் நேர்மையானதல்ல. கருப்பை வாயில் வெட்டுவதை உணரும் நரம்புகள் விரல் நுனியைவிட மிகக் குறைவு. அதனால் பெரும்பாலோருக்குச் சுருக்கென்று கிள்ளின மாதிரியோ, மாதவிலக்கின்போது அடிவயிற்றைப் பிசைகிற மாதிரியோ சில வினாடி இருக்கும். சிலருக்கு அதற்கு மேலும் வலிக்கிறது, அவர்கள் மிகைப்படுத்துவதில்லை. குழாய்க்குள் சுரண்டி எடுக்க வேண்டி வந்தால் வலி கூடுதல். ஒரு மணி நேரம் முன்பு வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று முன்கூட்டியே கேட்கலாம். மரத்துப்போகும் ஊசி வேண்டும் என்று அங்கேயே கேட்கலாம். “நிறுத்துங்க” என்று சொன்னால் நிறுத்த வேண்டும், அதுவும் முன்பே பேசி வைத்துக்கொள்ளத் தக்கது.

எடுத்த இடத்தில் டாக்டர் அழுத்திப் பிடித்து, மான்செல் கரைசல் என்ற இரும்புச் சத்துள்ள மருந்தைத் தடவுகிறார். இரத்தம் நின்றுவிடும். துண்டுகள் இரண்டும் பார்மலின் உள்ள தனித்தனிக் குப்பிகளில் போகின்றன. நோயாளி செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று இங்கே இருக்கிறது. குப்பியின் மேல் ஒட்டிய சீட்டில் தன் பெயர், வயது, எண் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. கூட்டமான ஆஸ்பத்திரியில் பெயர் மாறிப் போனால், ஒருவர் தேவையில்லாத சிகிச்சையும் இன்னொருவர் தேவையான சிகிச்சை இல்லாமலும் போவார்.

மொத்தம் 10 முதல் 20 நிமிடம். ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்து, பேட் வைத்துக்கொண்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போகலாம். சமைக்கலாம், குளிக்கலாம், மிஷினில் உட்கார்ந்து தைக்கலாம். ஒன்றிரண்டு நாள் இலேசாக இரத்தம் படும். அதோடு மான்செல் மருந்து கலந்து கறுப்பாகவோ அழுக்குப் பச்சையாகவோ, பொடி பொடியாக ஏதோ வரும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் உள்ளே அழுகிவிட்டது என்று நினைத்து ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்கு ஓடுபவர்கள் உண்டு. அது மருந்து. ஒரு வாரம் வரை உடலுறவும், உள்ளே வைக்கும் எதுவும், குளம் குட்டையில் இறங்கிக் குளிப்பதும் வேண்டாம். மாதவிலக்கைவிட அதிகமாக இரத்தம் போனாலோ, ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைந்தாலோ, காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, அடங்காத அடிவயிற்று வலி வந்தாலோ அன்றே திரும்பிப் போக வேண்டும். இது அபூர்வம்.

ரிப்போர்ட் வர ஒன்று, இரண்டு வாரம் ஆகும். இந்த நாட்களில் நோய் முற்றிவிடுமோ என்று பயப்படுபவர்களுக்கு, இந்த நோய் எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதை நியூசிலாந்தில் நடந்த ஒரு அநியாயம் காட்டுகிறது. ஆக்லாந்தின் நேஷனல் விமன்ஸ் ஹாஸ்பிட்டலில் ஹெர்பர்ட் கிரீன் என்ற டாக்டர், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களில் மிகக் கடுமையானதும்கூட புற்றுநோயாக மாறாது என்று நம்பினார். 1966 முதல் பல பெண்களுக்கு, அவர்களிடம் சொல்லாமலேயே, முறையான சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டு மட்டும் இருந்தார். இரண்டு பெண் எழுத்தாளர்கள் 1987இல் பத்திரிகையில் எழுதி இதை வெளியே கொண்டுவந்தார்கள். நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை நடந்தது. பிறகு பழைய பதிவுகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கணக்கு இது: சரியான சிகிச்சை பெறாதவர்களில் 30 ஆண்டுகளுக்குள் 31 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்தது. சரியான சிகிச்சை பெற்றவர்களுக்கு 0.7 சதவீதம்.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். மிகக் கடுமையான மாற்றம் இருந்து, சிகிச்சையே இல்லாமல் விட்டாலும், 30 வருடத்தில் மூவரில் ஒருவருக்கு. ஆகவே இரண்டு வாரத்தில் எதுவும் கைமீறிப் போய்விடாது. அதே சமயம், சும்மா விட்டுவிடலாம் என்று கிரீன் நினைத்தது தவறு.

ரிப்போர்ட்டில் ‘சி.ஐ.என்.’ என்ற எழுத்துகளும் பக்கத்தில் 1, 2, 3 என்ற எண்ணும் இருக்கும். பலர் இதைக் கேன்சரின் முதல் ஸ்டேஜ், இரண்டாம் ஸ்டேஜ் என்று படித்துவிடுகிறார்கள். ஸ்டேஜ் அல்ல. தோலின் தடிமனில் கெட்ட செல்கள் எவ்வளவு தூரம் ஏறியிருக்கின்றன என்பதன் அளவு அது. அடிப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு என்றால் 1, மூன்றில் இரண்டு வரை என்றால் 2, அதற்கு மேல் முழுவதும் என்றால் 3. எந்த எண்ணாக இருந்தாலும் செல்கள் அடிச்சவ்வைத் தாண்டவில்லை என்றுதான் பொருள். தாண்டினால்தான் அதற்குப் புற்றுநோய் என்று பெயர். 1 என்பது பெரும்பாலும் வைரஸ் தொற்றின் அடையாளம், பொதுவாக ஒரு வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தால் போதும். 2இல் ஏறக்குறைய பாதி இரண்டு வருடத்தில் தானாகவே குறைவதாக ஆய்வுகள் சொல்கின்றன. குழந்தை பெற வேண்டிய இளம்பெண் என்றால் அடிக்கடி பரிசோதித்துக்கொண்டு காத்திருப்பதும் ஒரு வழி. 3 என்றால் சிகிச்சை.

நம் தையல்கார அம்மாவுக்கு 5 மணியில் எடுத்த துண்டில் 1, 12 மணியில் எடுத்த துண்டில் 2. எதைக் கணக்கில் எடுப்பது? எப்போதும் கூடுதலானதைத்தான். ஒரு துண்டு மட்டும் எடுத்திருந்தால் எந்தத் துண்டு என்பதைப் பொறுத்து அவருக்குத் தெரியும் செய்தியே மாறியிருக்கும். அவருக்குக் குடும்பம் முடிந்துவிட்டது, திட்டு முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது, குழாய்க்குள் போகவில்லை. சூடாக்கிய உலோக நுனியை அந்த இடத்தில் 20 முதல் 30 வினாடி வைத்துக் கருக்கிவிடும் தெர்மல் அப்லேஷன் போதும் என்று டாக்டர் முடிவு செய்கிறார். திட்டு உள்ளே ஓடியிருந்தாலோ, புற்றுநோய் என்ற சந்தேகம் ஒரு துளி இருந்தாலோ இப்படிச் செய்யக் கூடாது. கருக்கிவிட்டால் லேபுக்கு அனுப்பச் சதையே மிஞ்சாது. அப்போது மின்சாரக் கம்பி வளையத்தால் அந்த வளையத்தைச் செதுக்கி எடுக்கும் ‘லீப்’ செய்வார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டால் போதும். இனிமேல் குழந்தை பெற நினைப்பவர்கள் லீப்புக்கு முன் அதைச் சொல்ல வேண்டும், ஆழமாக எடுத்தால் பின்னால் குறைமாதப் பிரசவ வாய்ப்பு கொஞ்சம் கூடும்.

கால்போஸ்கோபி எல்லாவற்றையும் காட்டிவிடும் என்றும் நினைக்கக் கூடாது. மாதவிலக்கு நின்றவர்களுக்கு அந்த மாறும் வளையம் குழாய்க்குள் ஏறிவிடும். கருவி எவ்வளவு பெரிதாக்கிக் காட்டினாலும் உள்ளே இருப்பது தெரியாது. ஈஸ்ட்ரோஜன் க்ரீம் சில வாரம் வைத்துவிட்டு வரச் சொல்லி மறுபடி பார்ப்பார்கள், இல்லையென்றால் குழாய்க்குள் சுரண்டி எடுப்பார்கள். இன்னொன்று, பேப் ஸ்மியரில் ‘எச்சில்’ என்று வந்து, பயாப்ஸியில் ஒன்றுமில்லை என்று வந்தால் ‘அப்பாடா’ என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. இடுக்கி கெட்ட இடத்தைத் தவறவிட்டிருக்கலாம். இரண்டு ரிப்போர்ட்டும் ஒத்துப்போகாததற்குக் காரணம் என்ன என்று டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும். உடலுறவுக்குப் பின் இரத்தம் படுவது, மாதவிலக்கு நின்ற பிறகு இரத்தம் படுவது போன்ற அறிகுறிகள் இருந்தால், எந்த ரிப்போர்ட் நார்மலாக இருந்தாலும் அது பதிலாகாது.

திண்டுக்கல்லில் பாசிட்டிவ் ஆனவர்களில் கிட்டத்தட்ட எல்லாரும், 3,088இல் 3,052 பேர், கால்போஸ்கோபி செய்துகொண்டார்கள். மாற்றம் இருப்பதாக உறுதியானவர்களில் சிகிச்சை பெற்றது 72 சதவீதம். மேசையில் ஏறிப் படுக்கும் தைரியம் வந்தவர்களிலும் பலர் அதற்கு அடுத்த அடியை எடுத்து வைக்கவில்லை. வலி இல்லை, தொந்தரவு இல்லை, வீட்டில் வேலை இருக்கிறது. ரிப்போர்ட் வாங்கப் போகாமலேயே விட்டுவிடுவது எளிது. போன் வரவில்லை என்றால் நார்மல் என்று அர்த்தமில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் பயாப்ஸி எண் இருக்கும், அதைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு பக்கமும் நம்மூரில் உண்டு. ‘பிள்ளை பெத்தாச்சு, இனி கர்ப்பப்பை எதுக்கு, எடுத்துடலாம்’ என்று பயாப்ஸி ரிப்போர்ட் வருவதற்கு முன்பே சொல்லிவிடுவது. சொல்வது சில நேரம் சொந்தக்காரர்கள், சில நேரம் டாக்டரே. சி.ஐ.என். மட்டும் இருப்பது கருப்பையை எடுக்கப் போதுமான காரணமல்ல. உள்ளே மறைந்திருக்கும் புற்றுநோயை அறியாமல் சாதாரண முறையில் எடுத்துவிட்டால் பின்னால் சரியான சிகிச்சை கொடுப்பதே சிக்கலாகிவிடும். சி.ஐ.என். 2, 3 காரணமாக எடுத்தவர்கள் பரிசோதனையிலிருந்து விடுபட்டுவிட்டதாக நினைப்பதும் சரியல்ல. கருப்பை இருந்த இடத்தின் மேல்பகுதித் தோலில் அதே மாற்றம் வரலாம், அங்கிருந்தும் செல் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தெர்மல் அப்லேஷன் செய்துகொண்ட நம் தையல்கார அம்மாவின் சீட்டில் எழுதியிருப்பது ஒரு வரி: 12 மாதம் கழித்து மறுபரிசோதனை.